செடெர்ஹானா

அந்தப் படிவத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கிளினிக் சிரம்பானில், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. இதயத்தை எக்கோ எடுப்பது என் வேலை. டாக்டர் ராமகிருஷ்ணன் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதி உறையில் போட்டு ஒட்டி, நோயாளி கையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து அனுப்புவார். ரப்பர் தோட்டங்களுக்கென்று தனியாக மலாய் மொழியில் ஒரு பக்கப் படிவம் உண்டு. அதில் நிலை என்று போட்டு மூன்று கட்டம்: ரிங்கான், செடெர்ஹானா, தெரோக். லேசு, நடுத்தரம், மோசம். ஏதாவது ஒன்றில் டிக் போட்டால் வேலை முடிந்தது. டாக்டரே யோசித்து அச்சடித்த படிவம் அது. தோட்டத்துக்காரர்களுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தார்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு வியாழக்கிழமை, பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேனில் ராக்கம்மாவைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவள். மூன்று வாரமாகக் காய்ச்சல், படுத்தால் மூச்சு முட்டுகிறது. மேசையில் படுக்க வைக்க முடியாமல், தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்துத்தான் எக்கோ எடுத்தேன்.

இதயத்தைச் சுற்றித் தண்ணீர். திரையில் கறுப்பாகத் தெரிந்தது. இதயம் விரிகிற நேரத்தில் அளப்பதுதான் முறை. பின்பக்கம் ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் லேசு, ஒன்றிலிருந்து இரண்டு வரை நடுத்தரம், இரண்டுக்கு மேல் அதிகம். அளவுப்படி நடுத்தரம்தான். ஆனால் வலது மேலறையின் சுவர் உள்ளே மடிந்தது. வலது கீழறையும் விரிய வேண்டிய நேரத்தில் குழிந்தது. வயிற்றிலிருந்து வருகிற பெரிய ரத்தக்குழாய் உப்பிப்போய், மூச்சை இழுத்தாலும் சுருங்காமல் நின்றது. தண்ணீர் வேகமாகச் சேர்ந்திருந்தால் இந்த அளவே இதயத்தை நசுக்கிவிடும்; அந்த நசுக்கலுக்குத்தான் டாம்போனேட் என்று பெயர். மெதுவாகச் சேர்ந்த ஒரு லிட்டரோடு நடமாடுகிறவர்களும் உண்டு. அளவு ஒன்று, ஆபத்து இன்னொன்று.

"டாக்டர், டாம்போனேட்னு பெருசா எழுதுங்க," என்றேன்.

"எக்கோவுல அப்டி எழுத முடியாதுமா. டாம்போனேட்டுங்கிறது பிரஷர், நாடி, கழுத்து நரம்பு எல்லாம் பார்த்துச் சொல்றது. பிரஷர் இன்னும் நூறு இருக்கு," என்றார். அவர் எழுதியது இதுதான்: நடுத்தர அளவு நீர், வலது அறைகள் மடிகின்றன, தொடக்க நிலை டாம்போனேட்டைக் காட்டும் எக்கோ அறிகுறிகள் உள்ளன, நோயாளியைப் பரிசோதித்து ஒப்பிட்டுப் பார்க்கவும், இன்றே வார்டில் சேர்க்கவும்.

சரியான வாசகம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உறையில் போட்டு ஒட்டினார். மேலே ஆஸ்பத்திரி டாக்டருக்கு என்று எழுதினார்.

"தோட்டத்துப் படிவத்துலயும் இத எழுதட்டுமா?"

"அதுல இடம் எங்க இருக்கு? நீ டிக் போட்டு விடு."

வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். செடெர்ஹானாவில் டிக் போட்டேன். "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி போயிடுங்க, வீட்டுக்குப் போகாதீங்க," என்று ராக்கம்மாவிடமும் அவள் புருஷன் சன்னாசியிடமும் சொல்லி, உறையையும் படிவத்தையும் கையில் கொடுத்தேன். சன்னாசி தலையைச் சொறிந்தார்; கிளினிக்கில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் அவருக்கு மிஸிதான். "டிரசர் ஐயா எழுதிக் கொடுத்தாத்தான் வார்டுல சேர்க்க முடியும் மிஸி. துணியும் எடுக்கணும். சாயங்காலமே வந்துடுவோம்லா," என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற டிரசர் சொல்லாமல் அங்கே யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வார்டுக்கு போன் செய்தேன். ராக்கம்மா என்று யாரும் வரவில்லை என்றார்கள். தோட்டத்து ஆபீசுக்குப் போனைச் சுற்றினேன். கணக்கு எழுதுகிற கிராணி எடுத்தார். "அந்தப் பொம்பளையா? ஒண்ணும் இல்லனுட்டாரே டிரசர். புல்லு வெட்டுற லேசு வேலை போட்டிருக்கு," என்றார்.

போனை அடித்து வைத்தேன். என் அத்தா தன் சாப்பாட்டுக்கடைக்குச் சாமான் ஏற்றும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். டாக்டரிடம் சொல்லக்கூட இல்லை. வழி நெடுக அந்த டிரசரைத் திட்டிக்கொண்டே போனேன். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

டிஸ்பென்சரியில் டிரசர் அமிர்தலிங்கம் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் உறை, ஒட்டியது ஒட்டியபடி.

"இத ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பல?"

"அவசரம்னா அனுப்பியிருப்பேன். நீங்களே சாதாரணம்னுதான போட்டிருக்கீங்க?"

"யாரு சாதாரணம்னு போட்டது?"

படிவத்தைத் தூக்கிக் காட்டினார். விரலை வைத்துப் படித்தார். "செடெர்ஹானா. சாதாரணம். மலாய்க்காரன் நம்ம வார்த்தையத்தான் இப்டி சொல்றான். எல்லாருக்கும் தெரியும்லா."

"நடுத்தரம்னு அர்த்தம். அதுவும் தண்ணியோட அளவுக்கு. உயிருக்கு இல்ல."

"அப்ப அத எழுதுறதுதான? எனக்கு வந்த பேப்பர்ல ஒரு டிக்தான் இருக்கு. டாக்டருக்குன்னு எழுதின கவரை நான் எப்படிப் பிரிக்கிறது?"

அவரை அறைந்திருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என்னை அதிகமாக எரித்தது. அந்த டிக் என் பேனா மையில் நீலமாக இருந்தது.

உறையையும் மேசை மேலிருந்த பிரஷர் கருவியையும் பிடுங்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். புல் வெட்டப் போனவளை மயங்கி விழுந்ததும் தூக்கி வந்து வாசலில் சாய்த்திருந்தார்கள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி காணாமல் போனது, விடும்போது திரும்பி வந்தது. பிரஷர் எழுபத்தெட்டு. "இப்பவாவது டாக்டர் டாம்போனேட்னு எழுதுவாரா!" என்று கத்தினேன். அங்கே யாருக்கும் அது புரியவில்லை.

சன்னாசி பின்னால் அவளைத் தாங்கிக்கொள்ள, வேனை விரட்டினேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் உறையைப் பிரித்து முதல் வரியைப் பார்த்து, "மாடரேட்தானே," என்றார்.

"கடைசி வரியப் படிங்க. படிச்சுட்டு அவங்க கழுத்தப் பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் படித்தார், பார்த்தார், ஓடினார். பெரிய டாக்டர் வந்து நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி செலுத்தினார். முதல் ஐம்பது மில்லி வெளியே வந்தபோதே பிரஷர் ஏறியது. மொத்தம் நானூற்றிருபது மில்லி. ராக்கம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். காச நோயாக இருக்கும் என்று மருந்து தொடங்கினார்கள்.

வெளியே பெஞ்சில் சன்னாசி எழுந்து கையைக் கூப்பினார். டிரசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். "அந்தப் பாவி சாதாரணம்னு சொல்லிக் கொல்லப் பாத்தான் மிஸி. நீங்கதான் காப்பாத்துனீங்க. சாமி மாதிரி வந்தீங்க," என்றார்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தக் கும்பிடை என்னால் தாங்க முடியவில்லை.

"கும்பிடாதீங்க அண்ணே. அந்தப் பேப்பர்ல டிக் போட்டது நான்தான். ஆபத்துன்னு எனக்கு அப்பவே தெரியும். கையால ரெண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். கூட்டம் இருந்துச்சு, எழுதல."

கூப்பிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"அப்ப நீங்களுமா?" என்றார்.