மூணுகல் மிளகுக்கு வயது ஐம்பது

மூணுகல் மிளகு தொடங்கி ஐம்பது வருஷம் ஆகிறது. அதில் முப்பத்தெட்டு வருஷம் விற்பனை பார்த்தது நான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் என் தும்மல் இன்னும் எதிரொலிக்கிறதாம். சொல்கிறவனும் நான்தான்.

முதலாளி செங்கோட்டையன் காலமான பிறகு அவர் மகள் கோகிலாதான் கம்பெனியை நடத்துகிறாள். சேலத்து சூப்பர்மார்க்கெட்காரர்கள் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பொன்விழாப் பாக்கெட் ஓடாவிட்டால் அலமாரியில் இடம் கிடையாது.

கோவையிலிருந்து விளம்பரக்காரர் முரளி வந்தார். அவரிடம் 1976-ல் பேளுக்குறிச்சி சந்தையில் எடுத்த போட்டோவை நீட்டினேன். நடுவில் என் மீசை, ஓரத்தில் முதலாளி.

"இதைப் போடுங்க சாமி. மீசைக்கே லட்சம் பாக்கெட் போகும்."

முரளி அந்த மீசையில் மயங்கிவிட்டார். மூணு கல் படம் போட்ட எங்கள் மஞ்சள் பாக்கெட்டைப் பழுப்பாக்கி, ஓரம் கிழிந்த மாதிரி வரைந்து, 'அன்றைய சுவை' என்று எழுதினார். கோகிலா முகம் சுளித்தாள்.

"மொத்தமா அச்சடிக்கறதுக்கு முன்னாடி நாப்பது பாக்கெட் கடையில வச்சுப் பாக்கலாமுங்க."

சனிக்கிழமை சேலத்துக் கடையில், துவரம்பருப்பு அடுக்குக்குப் பின்னால் நானும் அவளும் ஒளிந்து நின்றோம். ஓர் அம்மாள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக் கடைப் பையனைக் கூப்பிட்டாள்.

"ஏப்பா, இது வெயில்ல கெடந்த பழைய சரக்கா?"

வைத்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனி மிளகை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை விற்றது மூன்று. அதில் இரண்டை வாங்கியவன் நான்.

திரும்பும்போது காரில் கோகிலா போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, அப்பா கையில என்ன?"

"மிளகுதான் கண்ணு. வர்றவங்களுக்கு ரெண்டு மணி கொடுத்து, கடிச்சுப் பாத்துட்டு வாங்குங்கம்பாரு. ஒருத்தன் கடிச்சுட்டு ராசிபுரம் வரைக்கும் ஓடி, திரும்பி வந்து மூணு கிலோ வாங்கினான்!"

"இப்ப ஏன் கொடுக்கறதில்ல?"

"பாக்கெட்ல அடைச்சதும் நின்னு போச்சு."

"அப்பாவோட தைரியத்தை விட்டுட்டு, உங்க மீசையைப் புடிச்சுட்டுத் தொங்கறோமுங்க மாமா!"

மறுவாரப் பாக்கெட்டில் மீசை இல்லை. ஊருக்கே தெரிந்த மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. மூணு கல்லும் சிவப்பாக, இன்னும் தெளிவான கோட்டில். கீழே 'கொல்லிமலை எடப்புளி நாடு, இந்த வருட அறுவடை'. பக்கத்தில் ஒட்டிய குட்டிப் பையில் ஆறு மிளகு மணி, 'முதலில் கடியுங்கள்' என்ற வரியோடு. ஐம்பது என்ற எண் மூலையில் சின்னதாக.

"பொன்விழாவே கண்ணுக்குத் தெரியலீங்களே?" என்றார் முரளி.

"நாக்குக்குத் தெரியுமுங்க," என்றாள் கோகிலா.

அடுத்த சனிக்கிழமை அதே கடை. இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சீண்டி, குட்டிப் பையைப் பிரித்து மிளகைக் கடித்தார்கள். ஒருத்தி குதித்த குதியில் கூரை தப்பியது. கூட்டம் கூடிவிட்டது. மதியத்துக்குள் நாற்பதும் காலி. ஊரில் நான் நாலாயிரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

கடை மேனேஜர் நம்பாமல், கோகிலா கொடுத்த ஒரு மணியைத் தானும் கடித்தார். கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது.

"எங்க... எங்க எட்டுக் கடைக்கும் அனுப்புங்கம்மா!"

செங்கோட்டையன் மகள் நிமிர்ந்து நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிங்க சார். ஆர்டரை அப்புறம் எழுதிக்கலாமுங்க."