எட்டுக்கு எட்டு

2008 ஆவணி மாதக் கடைசியில், கோவில்பட்டி கதிரேசன் கோவில் சாலையில் மாடியிலிருந்த ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில், கிருஷ்ணப்ரியா இரண்டாவது வெபினாருக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியைச் சுற்றி எட்டு கிராமங்களில் அந்த நிறுவனம் தகவல் மையங்கள் வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், அதை இயக்க அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. கோவில்பட்டியில் டாக்டர் பேசுவது எட்டு ஊரிலும் கேட்கும். அவருடைய ஸ்லைடுகள் அங்கே திரையில் ஓடும். அதை நடத்திக் கொடுப்பதுதான் கிருஷ்ணப்ரியாவின் வேலை.

முதல் வெபினார் படுத்துவிட்டது. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் மந்திரமூர்த்தி ஐம்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். கடைசியில் "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார். எட்டு ஊரிலிருந்தும் சத்தமில்லை. பிறகு விசாரித்தபோது, பாதிப் பேர் இருபதாவது நிமிடத்திலேயே எழுந்து ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டதாக மையத்துப் பெண்கள் சொன்னார்கள்.

அதனால் இந்த முறை அவள் ஒரு தாளில் திட்டம் போட்டாள். மொத்தம் இருபத்திரண்டு ஸ்லைடு. ஐந்தாவதில் ஒரு வாக்கெடுப்பு. எட்டாவதில் சாட்டில் ஒரு கேள்வி. பதினெட்டாவதில் இன்னொரு வாக்கெடுப்பு. அந்த இடங்களில் டாக்டர் கட்டாயம் பேச்சை நிறுத்த வேண்டும். மறக்காமலிருக்க அந்த ஸ்லைடுகளுக்கு மட்டும் மஞ்சள் பின்னணி கொடுத்தாள். வாக்கெடுப்புப் பெட்டியில் தமிழ் எழுத்து கட்டங்கட்டமாக உடைந்து தெரிந்ததால், கேள்வியையும் பதில்களையும் ஸ்லைடிலேயே படமாகப் போட்டு, பெட்டியில் A, B, C என்று மட்டும் வைத்தாள்.

"பாடம் நடக்கும்போது நடுநடுவே நிறுத்துனா சரடு அறுந்துரும்மா" என்றார் மந்திரமூர்த்தி.

"போன தடவை அறுந்தது நமக்குத் தெரியவே இல்லையே சார்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

பகல் மின்வெட்டு முடிந்து பன்னிரண்டரைக்குத் தொடங்கினார்கள். இருவரும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அவர் தலையில் மைக் மாட்டியிருந்தார். அவள் திரையில் எட்டு ஊரின் பெயர்களும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லா ஊர் மைக்கையும் அவள் மூடி வைத்தாள். இல்லாவிட்டால் ஒரு ஊரில் குழந்தை அழுதால் எட்டு ஊரும் கேட்கும்.

அன்றைய பேச்சு ஆடுகளுக்கு வரும் துள்ளுமாரி நோயைப் பற்றி. மழை பெய்து கரிசலில் புல் தளதளவென்று எழும்பும்போது, நன்றாகக் கொழுத்த குட்டிதான் அதில் முதலில் சாகும். சாயங்காலம் துள்ளிக்கொண்டிருந்தது காலையில் விறைத்துக் கிடக்கும். மழைக்கு முன்பே ஊசி போட்டால்தான் உண்டு. இவ்வளவையும் டாக்டர் நான்கு ஸ்லைடில் அழகாகச் சொல்லி முடித்தார்.

ஐந்தாவது ஸ்லைடு மஞ்சளாக வந்தது. 'உங்கள் ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா? A: போட்டாயிற்று. B: இல்லை. C: தெரியாது.'

கிருஷ்ணப்ரியா வாக்கெடுப்பைத் திறந்தாள். ஒரு நிமிடம் கொடுப்பதாகத் திட்டம். மூன்று வாக்கு வந்தது. பிறகு ஐந்து. ஐம்பதாவது விநாடியில் எட்டும் வந்துவிட்டன. அவள் வாக்கெடுப்பை மூடி, முடிவை எல்லோருக்கும் காட்டினாள். A, நூறு சதவீதம்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. தன் மைக்கை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "எட்டுக்கு எட்டு பாத்தியாம்மா. எல்லாம் நம்ம காலத்துல போட்ட முகாமோட பலன். அப்ப ஒம்பதுலருந்து வர்ற ஊசி ஸ்லைடு நாலையும் தாண்டிருவோம். நேரா வைத்தியத்துக்குப் போயிரலாம்."

"சரி சார்" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அவள் திரையின் மூலையில் ஒரு வரி வந்தது. கயத்தாறு பக்கத்து மையத்தை நடத்தும் வள்ளிமயில் அனுப்பியது. எல்லோரும் பார்க்கும் சாட்டில் போடாமல், நடத்துபவருக்கு மட்டும் போகிற மாதிரி தனியாக அனுப்பியிருந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

'அக்கா இங்கன பதினாலு பேரு இருக்காவ. ஊசி போட்டது நாலு பேருதான். ஒரு பட்டன்தான் அமுக்க முடியுது. டாக்டர் சங்கடப்படுவாவன்னு A அமுக்கிட்டேன். தப்பா?'

கிருஷ்ணப்ரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாக்கெடுப்பு ஆளைக் கேட்கவில்லை, கம்ப்யூட்டரைக் கேட்டிருக்கிறது. எட்டு கம்ப்யூட்டர், எட்டு வாக்கு. அதன் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற நூறு பேரை அவள் நினைக்கவே இல்லை. திட்டத் தாளில் நிமிடம் நிமிடமாக எழுதியவள், பட்டனை அமுக்கப் போவது யார் விரல் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தப்பு வள்ளிமயிலுடையது அல்ல.

டாக்டர் ஏற்கெனவே ஆறாவது ஸ்லைடில் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஒரு காகிதத்தில் எழுதி அவர் முன் நகர்த்தினாள்: 'ஊசி ஸ்லைடைத் தாண்ட வேண்டாம். முடிவு சரியில்லை.'

அவர் அதைப் படித்து, மைக்கை மூடினார். "என்ன சரியில்ல? மெஷின்தான சொல்லுது?"

"எட்டு மெஷின் சொல்லுது சார். ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால பத்துப் பதினஞ்சு ஆளு இருக்கு. அவிய எல்லாருக்குமா ஒரு பிள்ளை ஒரு தடவை அமுக்கியிருக்கு."

"யாரு சொன்னா?"

வள்ளிமயிலின் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். அந்தப் பெண் தனியாக அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. "நான்தான் சார் தப்பா கேட்டுட்டேன். எட்டாவது ஸ்லைடுல மறுபடி கேக்கேன். அதுவரைக்கும் போங்க."

எட்டாவது ஸ்லைடில் எழுதியிருந்த கேள்வி வேறு: 'எந்த நோய்க்கு அதிகம் பயப்படுகிறீர்கள்?' புதிய வாக்கெடுப்பு தயாரிக்க அப்போது நேரமில்லை. தயாரித்தாலும் ஒரு ஊருக்கு ஒரு வாக்குதான். அவள் தன் மைக்கைத் திறந்தாள்.

"எல்லா ஊருக்கும் வணக்கம், கிருஷ்ணப்ரியா பேசுதேன். திரையில இருக்க கேள்விய விட்டுருங்க. மையத்துப் பிள்ளைக எந்திரிச்சு உங்க ஊர்க்காரவுகளப் பாத்துத் திரும்பி நில்லுங்க. மூணு தடவை கை தூக்கச் சொல்லுங்க. ஊசியே போடாதவங்க. ஒரு ஊசி போட்டவங்க. மூணு வாரம் கழிச்சு ரெண்டாவதும் போட்டவங்க. எண்ணி, மூணு நம்பர சாட்டுல அடிங்க. எந்த நம்பரும் தப்பில்ல. அஞ்சு நிமிஷம் தாரேன்."

"அஞ்சு நிமிஷமா?" என்று டாக்டர் உதட்டை மட்டும் அசைத்தார்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கீழே சாலையில் மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது நிமிடம் கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்தது: '6, 5, 1'. பிறகு வள்ளிமயில்: '10, 4, 0'. பிறகு மளமளவென்று மற்ற ஊர்கள். கிருஷ்ணப்ரியா காகிதத்தில் கூட்டினாள். தொண்ணூற்று நாலு பேர். ஊசியே போடாதவர்கள் ஐம்பத்தாறு. ஒரு ஊசி போட்டவர்கள் முப்பத்தொன்று. இரண்டும் போட்டவர்கள் ஏழு.

காகிதத்தை டாக்டரிடம் தந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அதற்குள் வள்ளிமயில் மறுபடி தட்டியிருந்தாள், இம்முறை எல்லோரும் பார்க்கும் சாட்டில்: 'மாடத்தி அக்கா டாக்டர்கிட்ட கேக்கணுங்காவ.'

கிருஷ்ணப்ரியா கயத்தாறு மைக்கைத் திறந்தாள். கரகரவென்ற சத்தத்துக்குப் பின் ஒரு குரல் வந்தது. ஐம்பது வயதுக் குரல்.

"ஐயா, எனக்கு நாப்பது உருப்படி. போன வருசம் மாட்டாசுபத்திரிலருந்து வந்து ஊசி போட்டாவ. அட்டையுங் குடுத்தாவ. ஐப்பசில மழை பெஞ்ச மறுவாரம் மூணு குட்டி போச்சு. ஊசி போட்டும் ஏன்யா செத்துச்சு? அதான் இந்த வருசம் வேண்டாம்னுட்டேன். எங்க ஊர்ல பாதிப் பேரு அதுக்குத்தான் வேண்டாங்காவ."

மந்திரமூர்த்தி மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"மாடத்தி, அந்தக் குட்டிகளுக்கு அதுதான் முதல் ஊசியா?"

"ஆமாய்யா."

"மூணு வாரம் கழிச்சு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே. வரணும்னே எங்களுக்குத் தெரியாதே."

"முதல் தடவை போடுற குட்டிக்கு ஒரு ஊசி பத்தாதும்மா. அது கதவத் தட்டுற மாதிரி. ரெண்டாவதுதான் கதவத் தெறக்கும். அதுக்கப்புறம் வருசத்துக்கு ஒண்ணு, மழைக்கு முன்னாடி." கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார். "இத உங்களுக்குச் சொல்லியிருக்கணும். நான் வேலைல இருந்தப்ப பல ஊருக்கு முதல் ஊசியோட 'முடிந்தது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ரெண்டாவது சுத்துக்கு ஆளும் மருந்தும் வரல. அது முடியல. நான் முடிஞ்சதுன்னு எழுதுனேன்."

எட்டு ஊரும் அதைக் கேட்டன. கயத்தாறு மைக் இன்னும் திறந்திருந்ததால், அங்கே யாரோ இருமுவதும், மாடத்தி பக்கத்திலிருப்பவரிடம் மெதுவாகச் சொல்வதும் கேட்டது: "மனுசன் ஒத்துக்கிடுதாரு பாத்தியா."

தாண்டிவிடலாம் என்று சொன்ன நான்கு ஸ்லைடிலும் அவர் அரை மணி நேரம் நின்றார். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறார்களா என்று பார்த்து வாங்கச் சொன்னார். பதினெட்டாவது ஸ்லைடில், இரண்டாவது ஊசி எத்தனை நாளில் என்ற கேள்வியும் A, B, C-யும் வந்தபோது, கிருஷ்ணப்ரியா வாக்கெடுப்பைத் திறக்கும் முன் சொன்னாள்: "முதல்ல எல்லார்கிட்டயும் கேளுங்க. யாரு என்ன சொன்னாலும் சண்ட போட்டு ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் அமுக்குங்க." ஆறு ஊர் சரியாகச் சொன்னது. இரண்டு தவறாகச் சொன்னது. அந்தத் தவறான இரண்டைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மதுரையிலிருந்து திட்ட மேலாளர் கிருஷ்ணகுமார் பேசினார். வெபினார் மென்பொருள் தானாகத் தயாரித்த அறிக்கை அவருக்குப் போயிருந்தது.

"தடுப்பூசி நூறு சதவீதம்னு வந்திருக்கே, பிரமாதம். இத அப்படியே மேல அனுப்பிரலாம்."

"அது எட்டு பேரோட பதில் சார். தொண்ணூத்து நாலு பேரோடது சாட்டுல இருக்கு. நான் கூட்டி எழுதி அனுப்புதேன். ரெண்டும் போட்டது ஏழு பேருதான்."

"அத அனுப்புனா, நம்ம மையத்தால என்ன பயன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும் சார். ஏழுன்னு கண்டுபிடிச்சதுதான் பயன்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் சாட்டை அச்செடுத்து, ஊர்வாரியாகக் கூட்டி, அன்று மாலையே கூரியரில் அனுப்பினாள். ஒரு நகலை மந்திரமூர்த்தி எடுத்துக்கொண்டு தன் பழைய அலுவலகத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று அவளிடம் சொல்லவில்லை. புரட்டாசியில் ஐந்து ஊரில் முகாம் நடந்தது. மூன்று வாரம் கழித்து அதே ஐந்திலும் மறுபடி நடந்தது. மற்ற மூன்று ஊருக்கு மருந்து வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகையில் கிருஷ்ணப்ரியா எட்டு மையத்துக்கும் போன் போட்டாள். முகாம் நடக்காத மூன்று ஊரில் பத்தொன்பது குட்டிகள் போயிருந்தன. வள்ளிமயில் எடுத்ததும் மாடத்தியிடமே கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு ஊசியும் போட்டேன்லா, எல்லாம் நிக்கிதும்மா. நாப்பதும் நிக்கிது. புதுக்குட்டியோட சேத்து அம்பத்தஞ்சு" என்றாள் மாடத்தி. "ஒண்ணு மட்டும் கால் நொண்டுது. அதுக்கு எப்பம்மா டாக்டர் பேசுவாவ?"