பீச் நிற அவசரம்

எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகை போன மாதம் வரை ஒரே சிவப்பு. சிவப்பில் எழுதினால்தான் ஜனங்கள் பயப்படுவார்கள் என்பது சங்கத் தலைவர் மாமாவின் நம்பிக்கை. லிஃப்ட் ரிப்பேர் சிவப்பு. காணாமல் போன ஒற்றைச் செருப்பு சிவப்பு. அவருக்கு அறுபது வயது நிறைந்த செய்தியும் சிவப்பு. நாற்பது வீட்டுக்காரர்களும் பயப்படாமல் அதைத் தாண்டிப் போனார்கள்.

அப்பா சங்கத்தின் செயலாளர். "நீதான் நல்லா வரைவியே, கண்ணுக்கு இதமா ஏதாவது பண்ணிக் குடு" என்றார். நான் பதினொன்றாம் வகுப்பு. யாராவது பாராட்டினால் போதும், கிணற்றில்கூடக் குதிப்பேன்.

என் அறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நல்ல வெயிலில் அட்டைகளைத் தேர்ந்தெடுத்தேன். பலகைக்கு வெளிர் பச்சைத் துணி. சாதாரண அறிவிப்புக்குக் கிரீம் அட்டை, அவசரத்துக்கு வெளிர் பீச் அட்டை. எழுத்து மெல்லிசான சாம்பல் நிறம். கறுப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும் என்று பட்டது. தலைவர் மாமாவே, "ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கும்மா" என்றார். ஹோட்டலில் யாரும் அறிவிப்பைப் படிப்பதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற வைத்தார்கள். புதன் மாலை ஐந்து மணி வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. பீச் அட்டையில், ஒரு பூவும் போட்டு, நான்தான் எழுதி மாட்டினேன். அப்பா ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும்.

புதன் காலை கீழ்வீட்டு அக்கா அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சளி, மூக்கில் வாசனை ஏறவில்லை. மூன்று மாதக் குழந்தை. இரண்டு தடவை வாந்தி. நாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அந்த நாலு மணி நேரமும் நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

இன்று சாயங்காலம் தலைவர் மாமா வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங். அந்தப் பொண்ணு நோட்டீஸே பாக்கலைங்குது."

"பாக்கலைன்னா யார் தப்பு? பளிச்சுன்னு இருக்கு பாருங்க" என்று அப்பா போட்டோவை நீட்டினார்.

"அதானே. கண்ணு தெரியாம பிள்ளை வளர்க்கக் கிளம்பிட்டாங்க. எழுதியே வாங்கிடலாம், இனிமே ஒழுங்கா படிக்கிறேன்னு."

"நான் ஒண்ணு சொல்லவாப்பா?"

"நீ போய்ப் படி."

படிக்கத்தான் போனேன். பாடத்தை அல்ல, பலகையை. பலகை மாட்டியிருக்கிற லிஃப்ட் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அதன் கீழே கிரீமும் மஞ்சள், பீச்சும் மஞ்சள். என் சாம்பல் எழுத்து அதில் கரைந்தே போயிருந்தது. தொட்டி அறிவிப்பும் யோகா வகுப்பு அறிவிப்பும் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. ஃபிளாஷ் போடாமல் எடுத்துப் பார்த்தேன். அதையே கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். ஒன்பது அட்டைகளும் ஒரே சாம்பல். எது அவசரம் என்று எழுதினவளுக்கே தெரியவில்லை.

கீழ்வீட்டுக் கதவுக்குப் பின்னால் குழந்தை அழுதது. "தெரிஞ்சே குடுப்பேனாடா செல்லம்" என்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது கேட்டது.

எனக்கு அப்பாவிடம் பயம். அவர் அடிக்க மாட்டார், பேச மாட்டார். அதுதான் பயம். ஆனால் இந்த முழுப் பூசணிக்காயை மறைக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் சோறு இல்லை.

மேலே வந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்தேன். தடித்த கறுப்பு எழுத்து, மேலே ஒரே ஒரு சிவப்புப் பட்டை, முதல் வரியில் "அவசரம்: குடிக்காதீர்கள்". பூ கிடையாது. கீழே போய் சோதனைக்காக அதே பல்பின் கீழ் மாட்டி, பத்தடி தள்ளி லிஃப்ட் கதவருகே நின்று பார்த்தேன். படிக்க முடிந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் அந்த வார்த்தை கண்ணுக்குத் தப்பவில்லை. சிவப்பு வேறெந்த அட்டையிலும் இல்லாததால், பட்டை தனியாகத் தெரிந்தது. தலைவர் மாமா இத்தனை வருஷம் வீணாக்கிய சிவப்பில் ஒரு விரல் அகலம்தான் தேவைப்பட்டது.

இப்போது மணி பன்னிரண்டரை. பழைய அட்டை, புது அட்டை இரண்டின் போட்டோவையும் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். "முதல்ல இருக்கிறதுதான் நான் அன்னிக்கு மாட்டினது. அந்த வெளிச்சத்துல யாராலயும் படிக்க முடியாது. தப்பு என்னுது, கீழ்வீட்டு அக்காவுது இல்லை."

இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். ஐந்து. ஒன்பது. பலகையை ஒரு வருஷத்தில் இத்தனை பேர் பார்த்ததில்லை.

அப்பாவின் அறையில் விளக்கு எரிகிறது. செருப்புச் சத்தம் என் கதவு வரைக்கும் வந்து நின்றது.

"முழிச்சிருக்கியா?"

"ம்."

கதவு பாதி திறந்தது. அப்பாவின் கையில் போன், அதில் என் போட்டோக்கள்.

"அந்த வெள்ளை அட்டை இன்னும் ரெண்டு இருக்கா?"