சுண்டு தூங்கட்டும்

"கைக்குழந்தை இருக்குன்னு விண்ணப்பத்துல போட்டிருக்கீங்க. ஆனா வீட்டுல சத்தமே காணோமே?"

மடிக்கணினித் திரையில் தெரிந்த அதிகாரி புருவத்தைத் தூக்கினார். அவள் சிரித்து வைத்தாள்.

"தூங்குறான் சார். ரொம்ப சமர்த்து."

பொய். மூன்று மாதத்துச் சுண்டு இந்த வீட்டில் யாரையும் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கவிட்டதில்லை. ஆனால் இந்த வேலைக்குச் சமர்த்துப் பிள்ளைதான் வேண்டும். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகார்த் தொலைபேசிகளை எடுத்துப் பேசுகிற வேலை. பின்னால் குக்கர் விசில் கேட்டாலும் போச்சு, குழந்தை சிணுங்கினாலும் போச்சு. நேர்காணலின் கடைசிக் கட்டமே அதுதான்: வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் வீட்டின் சத்தத்தை அவர்கள் பதிவு செய்து பார்ப்பார்கள்.

அவள் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் ஒரு கரண்டி விழவில்லை. உள்ளறையில் ஒரு முனகல் இல்லை.

"வீடா ஒலிப்பதிவுக் கூடமா மேடம்?" என்று அதிகாரி சிரித்தார். "வேலை உங்களுக்குத்தான். கடிதம் மின்னஞ்சலில் வரும்."

திரை அணைந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழாமலே இரண்டு கைகளையும் தூக்கி ஓசையில்லாமல் கைதட்டிக்கொண்டாள்.

சமையலறை வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். கணவனின் அக்கா. புகுந்த வீட்டில் ஒத்துவராமல் போய், பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, நான்கு மாதமாய்த் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்பில் எதையும் ஏற்றாமல் காத்திருந்தவள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு அண்ணி."

"நான்தான் சொன்னேன்ல, இன்னைக்கு அவன் வாயே திறக்க மாட்டான்னு."

மதியச் சாப்பாட்டுக்குக் கணவன் வந்தான். மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவன். செருப்பை வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி அடிமேல் அடி வைத்து உள்ளே வந்தான். விஷயம் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"இன்னும் எழுந்திரிக்கலையா அவன்?"

"உஷ். எழுப்பி விட்டுடாதீங்க."

மூன்று பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். தட்டில் டம்ளர் இடித்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் எதுவும் அசையவில்லை. கணவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவளுக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்தபோதுதான் முதல்முறையாக உறுத்தியது. இரண்டு வேளைப் பாலைச் சுண்டு கேட்கவேயில்லை.

கதவைத் திறந்தாள்.

தொட்டிலில் அவன் மல்லாந்து கிடந்தான். முகத்தில் வியர்வை இல்லை, சிவந்து காய்ந்திருந்தது. உதட்டைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறம். தொண்டையில் ஒரு குறட்டை. அது நின்றது. அவள் காத்திருந்தாள். வரவில்லை. பிறகு எங்கிருந்தோ இழுத்தது போல இன்னொரு குறட்டை.

தூக்கினாள். தலை பின்னால் தொங்கியது. உள்ளங்காலைச் சுண்டினாள். கன்னத்தைத் தட்டினாள். காதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காலையிலிருந்து அந்த வீட்டில் எழுந்த முதல் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவளுடையது.

*

அவசர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிய மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. பேச்சில் ஒரு வார்த்தை அதிகமில்லை. முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்தத் தொடங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால் மட்டும்தான் டாக்டர்."

"விழுந்தானா? காய்ச்சல்? வலிப்பு?"

"இல்ல."

"அப்ப மறுபடியும் கேக்குறேன். என்ன குடுத்தீங்க?"

நர்ஸ் சுண்டுவின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவளுடைய விரல் நீளம்கூட இல்லை.

"சளி சிரப்பு," என்றாள் தாய். குரல் தரையில் விழுந்தது. "போன மாசம் எனக்கு அலர்ஜிக்கு வாங்கினது. காலையில அரை மூடி. சளி இல்ல. தூங்கணும்னுதான். எனக்கு அதுல நல்லா தூக்கம் வந்துச்சு."

பக்கத்தில் நின்ற கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீயுமா?"

மருத்துவர் திரும்பினார். "நீயுமான்னா?"

"நானும் குடுத்தேன் டாக்டர். கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. அதே சிரப்பு. இவகிட்ட சொன்னா கத்துவாளேன்னு சொல்லல."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மெடிக்கல் ஷாப்ல இருக்கேன்."

மருத்துவர் கண்கள் ஒரு கணம் அவன்மேல் நின்றன. "அட்டையில என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு வயசுக்குக் கீழ கூடாதுன்னு. அது கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கப் போடுறதுன்னு நினைச்சேன். கேக்க வர்றவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவங்க திரும்பி வந்து எதுவும் சொன்னதில்ல."

"சில பேர் திரும்பி வர மாட்டாங்க," என்றார் மருத்துவர்.

இதயத் துடிப்பு திரையில் துள்ளிக்கொண்டிருந்தது. காய்ந்த தோல், வேகமான நாடி; எல்லாம் அந்தச் சிரப்புக்குப் பொருந்தியது. மருத்துவர் சிறு விளக்கை எடுத்துச் சுண்டுவின் இமையைத் தூக்கினார். மறு இமையையும் பார்த்தார்.

"இது ஒத்துவரலையே."

"என்ன டாக்டர்?"

"சிரப்பு மட்டும்னா கண்மணி விரிஞ்சிருக்கணும். இவனுக்குச் சுருங்கியிருக்கு. மூச்சும் இவ்வளவு மெதுவா இருக்காது. வேற ஏதோ உள்ள போயிருக்கு." குரல் உயரவில்லை; வேகம் மட்டும் கூடியது. "அபின் இனத்து மருந்து எதாவது? வலி மாத்திரை, இருமல் மருந்து? உங்க கடையிலருந்து எதாச்சும் எடுத்துட்டு வந்தீங்களா?"

"சத்தியமா இல்ல."

"வீட்டுல வேற யாரு?"

தாய் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் கதவருகில் நின்றாள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"அண்ணி."

"நான் ஒண்ணும் குடுக்கல."

"அண்ணி, காலையில சொன்னீங்களே, வாயே திறக்க மாட்டான்னு."

"பேச்சுக்குச் சொன்னேன்மா. எல்லாத்துக்கும் நான்தான் கெடைச்சேனா? குடுத்த ரெண்டு பேரும் இங்க நிக்கிறீங்க, பழி எனக்கா?"

மருத்துவர் பையை அழுத்தும் வேலையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு அவள் அருகே போனார்.

"நான் போலீஸ் இல்ல. யார் செஞ்சாங்கன்னு எனக்கு வேண்டாம். என்ன செஞ்சாங்கன்னு வேணும். அந்தச் சிரப்புக்கு மாத்து மருந்து கிடையாது. உடம்பு தானா கழிக்கிற வரைக்கும் நாங்க மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கணும், அவ்வளவுதான். ஆனா நான் சந்தேகப்படுறதுக்கு மாத்து மருந்து இருக்கு. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் இப்ப அதைப் போடத்தான் போறேன். சொன்னா, எவ்வளவு நேரத்துக்கு எத்தனை தடவை போடணும்னு எனக்குத் தெரியும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அது அவன் முகத்திலும் எழுதியிருந்தது.

"கசகசாக் காய்," என்றாள். "காய்ஞ்ச தோல். நாட்டு மருந்துக்காரன் குடுத்தது. கொதிக்க வச்ச தண்ணி ஒரு ஸ்பூன். அவ குளிக்கப் போனப்ப ஊத்தினேன். எங்க அம்மா வீட்டுல பிள்ளைங்க மூணு பேரும் அதுலதான் தூங்கினோம் டாக்டர். என் பிள்ளைங்க ரெண்டுக்கும் குடுத்திருக்கேன். ஒண்ணும் ஆகல."

"எத்தனை காய்?"

"கைக்கு வந்ததைப் போட்டேன்."

"ஒரு காய்ல இருக்கிறது இன்னொரு காய்ல இருக்காது. எவ்வளவு நேரம் கொதிச்சுதோ அதுக்கும் தக்க மாறும். அளவே தெரியாத அபின் அது." மருத்துவர் அதற்குள் பாதி திரும்பியிருந்தார். "போடுங்க."

ஊசி ஏறியது.

எல்லாரும் சுண்டுவின் நெஞ்சையே பார்த்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது, மேலெழுந்தது. மறுபடி. மறுபடி. உதட்டின் சாம்பல் மெல்ல ஊதாவாகி, ஊதா இளஞ்சிவப்பானது. கண்மணி அகன்றது. கால் கட்டைவிரல் மடங்கியது.

"என் ராசா," என்றான் கணவன். அவன் அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டதை அவனே கவனிக்கவில்லை.

தாய் மட்டும் மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மலரவில்லை.

"கண்ணைத் திறக்குறானே டாக்டர்?"

"திறந்திருக்கு. எதையும் பாக்கல."

அப்போதுதான் அந்தக் கால் கட்டைவிரல் மடங்குவதை நிறுத்தாமல் மடங்கிக்கொண்டே இருப்பதை அவள் கண்டாள். பிறகு கால். பிறகு கை. பிறகு வாயின் ஒரு ஓரம்.

"வலிப்பு," என்றார் மருத்துவர். "எல்லாரும் வெளியில."

*

மாற்று மருந்தின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அபின் அதற்கப்புறமும் உள்ளே இருக்கும். ஆகவே அதைச் சொட்டுச் சொட்டாக விடாமல் ஏற்றினார்கள். சிரப்பு கழியும்வரை மூச்சுக் குழாய் போட்டுக் கருவி மூச்சு விட்டது. மூன்றாம் நாள் இரண்டு மருந்தும் உடம்பை விட்டுப் போய்விட்டன. சுண்டு தானே மூச்சு விட்டான்.

தலையின் படத்தை மருத்துவர் விளக்குப் பலகையில் மாட்டினார்.

"மருந்து நேரடியா மூளையைத் தின்னல. மூச்சு குறைஞ்சுது. பெரியவங்கன்னா மூச்சு முட்டினா உடம்பே உதறி எழுப்பி விட்டுடும். இந்த வயசுல அந்த எழுப்புற சக்தியே அரைகுறை. அதையும் இந்த மருந்துங்க அமுக்கிடும். கழிச்சு வெளிய தள்ள கல்லீரலும் இன்னும் தேறல. காத்து பத்தாம ரொம்ப நேரம் கிடந்திருக்கான்."

ரொம்ப நேரம். அவள் அதிகாரியோடு பேசிய நேரம், பதிவு நடந்த நேரம், ஓசையில்லாமல் சாப்பிட்ட நேரம். பக்கத்து அறை. ஒரு கதவு.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "நான் குடுத்தது மட்டும்னா? அந்த அரை மூடி மட்டும் போயிருந்தா, நல்லா இருந்திருப்பானா?"

கணவன் தலையைத் தூக்கினான். அவனுக்கும் அதே கேள்வி தன் பங்குக்கு இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்கும் இருந்திருக்கும்; அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தெரியாது. அது மட்டுமே குடுத்து எழுந்திரிக்காத குழந்தையையும் பாத்திருக்கேன். காய்த் தண்ணி மட்டுமே குடுத்ததையும் பாத்திருக்கேன். மூணையும் பிரிச்சு இது இவ்வளவு, அது அவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"சரியாயிடுவானா?"

"வலிப்புக்கு மருந்து இருக்கும். பாக்குறதும் கேக்குறதும் எவ்வளவு மிச்சம்னு போகப் போகத்தான் தெரியும். உறிஞ்சி விழுங்குறது இப்ப இல்ல."

கணவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவள் போகவில்லை.

மாலையில் நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். மூக்கில் போட்டிருக்கும் மெல்லிய குழாய் இடம் மாறவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். பிழிந்த பாலை ஊசிக்குழலில் ஊற்றி உயர்த்திப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தானாக இறங்க வேண்டும்.

"கையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா. அவசரமே இல்ல."

பால் இறங்கியது. சுண்டு விழித்திருந்தான். கண்கள் கூரையில் எங்கோ நின்றன. பசித்ததா, நிறைந்ததா, எதற்கும் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"முடிஞ்சதும் தோள்ல நிமிர்த்திப் போட்டுக்கங்க. அடுத்த வேளை மூணு மணி நேரம் கழிச்சு. அவன் கேக்க மாட்டான்மா, நீங்கதான் மணி பாத்துக் குடுக்கணும்."

அவள் தலையாட்டினாள். குழலில் கடைசிச் சொட்டு இறங்கும்வரை கையைத் தாழ்த்தவில்லை.