மரம் எத்தனை எழுத்து?

கலைமதி மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினாள். கையில் ஒரு தபால் உறை. மாடி அறைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

"எழில்! மணி இன்னா?"

"ஒண்ணு அஞ்சு. ஏங்க்கா, யாராவது துரத்துறாங்களா?"

"ஆமா. மூணு மணி துரத்துது. இதைப் படி."

எழிலரசன் உறையைத் திருப்பிப் பார்த்தான். வல்லம் வடகால் தபால் முத்திரை. திங்கட்கிழமை வந்திருக்கிறது. இன்று வெள்ளி.

"இத்தினி நாளு எங்க இருந்துச்சு?"

"கீழே கோதண்டம் அண்ணன் ஜெராக்ஸ் கடையில, லேமினேஷன் மெஷினுக்கு அடியில. 'ஆடுது, அதான் முட்டுக் குடுத்தேன்மா'ன்றாரு."

அக்காவும் தம்பியும் படப்பையில் அந்த ஒற்றை அறையில் இருந்துதான் 'நாலெழுத்து' விளையாட்டை நடத்தினார்கள். தினம் ஒரு சொல். நாலு கட்டம். ஆறு முயற்சி. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற ஓரகடம் பெண்களும் பையன்களும், லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் முதலில் திறப்பது அதைத்தான்.

கடிதம் கோடு போட்ட தாளில் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டங்கள் வரைந்திருந்தார்கள்.

'மரம் என்பது மூன்று எழுத்து. உங்கள் விளையாட்டில் அது ம, ர, ம, பிறகு ஒரு புள்ளி என்று நாலு கட்டத்தை நிரப்புகிறது. கடைசிக் கட்டத்தில் புள்ளிக்குக் கீழே வெறும் வட்டம் ஒன்று தெரிகிறது. அதற்கு நாங்கள் தோசை என்று பேர் வைத்திருக்கிறோம். பழகிவிட்டோம். ஹாஸ்டலில் என் அறைக்குப் புதிதாக வந்த தங்கமாரியால் பழக முடியவில்லை. அவள் ஐந்தாவது வரை படித்தவள். விரல் விட்டு எண்ணி, நாலு எழுத்து என்று கண்ணாடி என்ற சொல்லைப் போட்டாள். எழுத்து அதிகம் என்று உங்கள் விளையாட்டு சொன்னது. பஸ்ஸே சிரித்தது. நாலு எண்ணத் தெரியாதவள் என்று அவளுக்குப் பேராகிவிட்டது. தனக்கு எழுத்தே தெரியாது என்று அவளும் நம்பிவிட்டாள். கம்பெனியில் லைன் லீடர் பதவிக்கான எழுத்துப் பரீட்சைக்கு வெள்ளிக்கிழமை மூன்று மணியோடு பெயர்ப் பட்டியலை மூடுகிறார்கள். அவள் பேர் கொடுக்க மாட்டேன் என்கிறாள். மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் முழு எழுத்தாக எண்ணுங்கள். இதனால், நாள் தவறாமல் ஆடிச் சேர்த்த என் தொடர் போனாலும் போகட்டும். பழைய எண்ணிக்கையை ஒட்டவைக்க வேண்டாம், எல்லோரும் ஒன்றிலிருந்து ஆடட்டும். அவள் எண்ணியதுதான் சரி. இப்படிக்கு, ஓர் ஆட்டக்காரி.'

எழிலின் காது சிவந்தது. அந்த வட்டத்தை அவனும் பார்த்திருக்கிறான். ஃபான்ட் கோளாறு என்று நினைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் 'போனை அப்டேட் செய்யவும்' என்று பதில் போட்டிருந்தான். கம்ப்யூட்டருக்கு ம் என்பது இரண்டு: ம தனி, புள்ளி தனி. அது எண்ணிக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டானே தவிர, விரலை மடக்கி ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் விடும். ரெண்டு பத்துக்கு பஸ்ஸு. முடியுமா?" என்றாள் கலைமதி.

"வெப் பேஜ்தானே. சர்வர்ல மாத்தினா, அடுத்து திறக்கும்போதே எல்லாருக்கும் புதுசு. எழுத்து எழுத்தாப் பிரிக்கிற வசதி பிரவுசர்லயே கீது. ஆனா சொல் பட்டியல் மொத்தமும் குப்பைக்குப் போகும். மரம், பகல், நாடு, எதுவுமே நாலெழுத்து இல்ல."

"பட்டியலை என்கிட்ட விடு."

அவள் நோட்டை எடுத்து விரல் மடக்க ஆரம்பித்தாள். வண்ணம். சன்னல். அவன் விசைப்பலகையில் விழுந்தான்.

ஒன்று நாற்பத்தைந்து. சோதித்துப் பார்த்தான். கொ ஒரே கட்டத்தில் உட்கார்ந்தது. க் உட்கார்ந்தது. ஸ்ரீ மட்டும் ஸ் தனி, ரீ தனியாக உடைந்தது.

"அக்கா, ஸ்ரீபெரும்புதூர்ல உக்காந்துகினு ஸ்ரீயை உடைச்சா ஊர்க்காரன் அடிப்பான்."

"அதுக்குத் தனியா ஒரு வரி எழுதி ஒட்டு. பேசாத."

ஒட்டினான். ஒன்று ஐம்பத்தாறு. சோதனை போனில் தன் கணக்கைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"போச்சு."

"இன்னாடா?"

"என் தொடர் இருபத்தேழு நாள். பூஜ்யம் காட்டுது. அவங்கவங்க ஆடின கட்டமெல்லாம் அவங்கவங்க போன்லதான் சேமிச்சிருக்கேன். அதை எண்ணித்தான் தொடர் வரும். புது எண்ணிக்கையில பழைய ஆட்டம் ஒண்ணுகூடத் தேறாது. எல்லாருக்கும் அழியும்."

கலைமதி முன்னணி ஆட்டக்காரர் பட்டியலின் உச்சியைப் பார்த்தாள். தாமிரபரணி, 341 நாள். அந்தப் பேருக்கு உரியவரை ஊரில் பார்த்தவர் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு பஸ் அதை முந்தத்தான் ஆடினார்கள்.

"அந்தம்மா போனா கூடவே பாதி பேரு போவாங்க. ஒரு வாரம் குடுக்கா. பழசைக் காப்பாத்திட்டுப் போடலாம்."

"ஒரு வாரத்துல பரீட்சையே முடிஞ்சிரும்."

"ஒரே ஒருத்திக்காகவா? கடுதாசி போட்டவங்களுக்கு இன்னா, மூணு நாள் ஆடியிருப்பாங்க. 'தொடர் போகட்டும்'னு சொல்ல இன்னா செலவு? முன்னூத்து நாப்பத்தியொண்ணு வெச்சிருக்கவங்களைக் கேட்டியா?"

"தங்கமாரியை நீ கேட்டியா?"

வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி ஓரகடம் பக்கம் போனது. ஒன்று ஐம்பத்தொன்பது.

"தப்பா எண்ணினது நாம. சிரிப்பு வாங்கினது அவ" என்றாள் கலைமதி. "இன்னிக்குச் சொல் கண்ணாடி."

"அது கள்ளாட்டம்கா."

"ஆமா. அழுத்து."

அழுத்தினான்.

இரண்டு பதினான்கு. முதல் புகார் விழுந்தது. 'என் 88 எங்க?' அடுத்தது. 'அண்ணே, காமெடி பண்றீங்களா?' அப்புறம் எண்ண முடியவில்லை. போன் மேஜையில் நண்டு மாதிரி நகர்ந்தது. எழில் நகத்தைக் கடித்தான். கோதண்டம் கீழிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா, மேல இன்னா ஒரே கிர்ர்னு சத்தம்?"

"தோசை சுடுறதை நிறுத்திட்டோம்ணே!" என்று கத்தினாள் கலைமதி.

இரண்டு முப்பத்தொன்று. வெறுமையாகக் கிடந்த பட்டியலில் பேர்கள் ஏறத் தொடங்கின. பதினோராவதாக ஒரு புதுப் பேர். தங்கமாரி. நான்காவது முயற்சி. கண்ணாடி.

கலைமதி நாற்காலியில் சரிந்தாள். "ஆடிட்டா."

"ஆடினா போதுமா? பேர் குடுக்கணுமே."

இரண்டு நாற்பது. ஐம்பது. மூன்று. ஒன்றும் இல்லை. தாமிரபரணியும் வரவில்லை. எழில் எழுந்து சுவரோடு நின்றான். "போயிட்டாங்க. நான் சொன்னேன்ல?"

மூன்று ஏழுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர்: தாமிரபரணி.

"நீ படி, என்னால ஆவாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கலைமதி திறந்தாள். முதலில் ஒரு படம். ஹாஸ்டல் வார்டன் மேஜை மேல் பரீட்சைப் பெயர்ப் பட்டியல். கடைசி வரியில், பேனாவை அழுத்தி, எழுத்து எழுத்தாக எழுதியிருந்தது: தங்கமாரி. கீழே செய்தி. அவள் உரக்கப் படித்தாள். பாதியில் குரல் இறங்கியது.

'அண்ணாச்சி, பஸ்ஸுல எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாவ, தப்பா நெனைக்காதீய. இவ விரலை மடக்கி எண்ணுனா, மொத்த பஸ்ஸும் கூட எண்ணுச்சு. பேரு குடுக்கப் போன எடத்துல வரிசை, அதான் ஆட முடியல. இனிமேத்தான் ஆடணும், எனக்கும் இன்னிக்கு ஒண்ணாம் நாளு. முன்னூத்தி நாப்பத்தியொண்ணையும் நெனைச்சுக்கிட்டுத்தான் அந்தக் கடுதாசிய எழுதுனேன். பாண்டிச்செல்வி.'