ஏணி கொடுத்தவர்

தெருவில் அவருக்குச் 'சரிங்கண்ணன்' என்று பேர். தொழில் எலக்ட்ரீஷியன். யார் எதைக் கேட்டாலும் வாயில் வருவது "சரிங்க" ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து மோட்டாரைப் பாருங்க என்றால் சரிங்க. உங்க ஏணியைக் கொஞ்சம் கொடுங்க என்றால் சரிங்க. அவரிடமிருந்து ஒரு 'இல்லை'யைப் பிடுங்குவதைவிட, சுவரில் துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குவது சுலபம். இப்படிப்பட்ட மனுஷன் ஒரு திருட்டுக் கேஸில் மாட்டினால் கதி என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அவர் அவ்வப்போது வேலைக்குப் போகும் ஒயர் கடையின் குடோனில் செம்பு ஒயர் கட்டுகள் காணாமல் போயின. பின்பக்கச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்து நின்றது. அதில் வெள்ளை பெயிண்டில் அவருடைய பேர் பளிச்சென்று எழுதியிருந்தது. திருடப் போகிறவன் பேரை எழுதி வைத்துவிட்டா போவான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. "ராத்திரி அவர்தான் ஒயரைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏணி ஏறினார், நான் பார்த்தேன்" என்று வாட்ச்மேன் போலீஸில் சொல்லிவிட்டான். கைது, ஜாமீன், அப்புறம் குற்றப்பத்திரிகை. அதன் நகலை வாங்கிக்கொள்ளச் சொன்னபோதும் சரிங்கண்ணன் "சரிங்க" என்றுதான் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு ஜெயிலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வேலைக்குப் போகிற வீட்டுக்காரர்கள் பலர் அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயந்திரம் திரும்பி வந்தால் விளக்கு எரியும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். கேஸ் வந்த பிறகு சாவி வருவது நின்றுபோனது. "கேஸ் முடியட்டும் அண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னார்கள். திருடன் என்று கோர்ட் எழுதிவிட்டால் லைசென்ஸும் போய்விடும், அந்தச் சாவிகளும் திரும்பி வராது.

இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். மெலிந்த உருவம், கையில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம். முதல் வேலையாக, குற்றச்சாட்டுக்கே ஆதாரம் போதாது என்று விடுவிப்பு மனு போட்டார். நீதிபதி படித்துப் பார்த்தார்.

"வாட்ச்மேன் பார்த்ததாச் சொல்றார். அவர் சொல்றது நிஜமா பொய்யான்னு இப்ப நான் அலச முடியாதும்மா. அது விசாரணையில தெரியும். மேல போக இந்த அளவு போதும்" என்று மனுவைத் தள்ளினார்.

அடுத்த தேதியில் குற்றச்சாட்டைப் பதிவு செய்தார்கள். வேலை பார்க்கும் இடத்தில் முதலாளி பொருளைத் திருடியதாக நீதிபதி வாசித்து, புரியும்படி விளக்கினார்.

"புரிஞ்சுதா?"

"சரிங்க."

"குற்றத்தை ஒப்புக்கிறீங்களா, இல்ல விசாரணை வேணுமா?"

சரிங்கண்ணன் வாய் திறப்பதற்குள் வக்கீலம்மா கடலையை மென்று விழுங்கிவிட்டுப் பாய்ந்து எழுந்தார். "ஐயா, இவர் எல்லாத்துக்கும் இதையேதான் சொல்லுவார். தயவுசெஞ்சு இன்னொரு தடவை கேளுங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். சரிங்கண்ணன் வியர்த்து விறுவிறுத்து, "விசாரணையே நடக்கட்டுங்க" என்றார். இல்லை என்று சொல்லாமலே இல்லை என்றாயிற்று.

இங்கேதான் மச்சான் உள்ளே நுழைந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். எந்தக் காலத்திலோ ஒரு கேஸில் சாட்சி சொல்லப் போனவர், அன்றிலிருந்து அவர் பாதி வக்கீல்.

"மாப்ளே, விசாரணைன்னா வருஷக்கணக்காகும். ப்ளீ பார்கெய்னிங்னு ஒண்ணு இருக்கு. நாமளே மனு போட்டு ஒத்துக்கிட்டா, கடைக்காரரோட உக்காந்து பேசி நஷ்டஈடு குடுத்து, தண்டனையக் குறைச்சு முடிச்சுடுவாங்க. உள்ள போகாமலேகூட வந்துடலாம்."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எப்படியாவது முடிச்சுடுங்க. வாய்தா வாய்தான்னு அலைஞ்சு செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். எனக்கு நெஞ்சு தாங்கல."

"சரி" என்றார் சரிங்கண்ணன்.

மூவரும் போய்க் கேட்டபோது வக்கீலம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கிற குற்றம், அதனால பேரம் பேச வழி உண்டு. ஆனா அதுவும் தண்டனைத் தீர்ப்புதான். கேஸ் இல்லாமப் போயிடாது. நீங்க திருடினவர்னு எழுதியிருக்கும், பின்னால அப்பீலும் பண்ண முடியாது. நீங்க எடுத்தீங்களா, இல்லியா?"

"அதெல்லாம் எதுக்கு மேடம் இப்ப?" என்றார் மச்சான்.

"உங்கள நான் கேக்கல."

சரிங்கண்ணன் மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "நீங்க எல்லாரும் சொல்றபடி பண்ணுங்க மேடம்" என்றார். என் விருப்பப்படிதான் கேட்கிறேன், இதற்குமுன் இதே குற்றத்துக்குத் தண்டனை வாங்கியதில்லை என்ற பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார். வக்கீலம்மாவுக்கு மனசே இல்லை. மனு மட்டும் போயிற்று.

மனுவின் நாள் வந்தது. நீதிபதி கோர்ட் ஹாலை விட்டுத் தன் அறைக்கு அவரைக் கூப்பிட்டார். அரசு வக்கீல், கடைக்காரர், இன்ஸ்பெக்டர் எல்லோரும் வெளியே. உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்த மச்சானை வாசலில் நின்ற கோர்ட் டவாலி நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். "சும்மா ஒரு ஓரமா நிப்பேன்ப்பா" என்றார் மச்சான். கதவு மூடிக்கொண்டது.

அறையில் ஒரு மேஜை, மினுக் மினுக்கென்று துடிக்கும் ஒரு டியூப் லைட், தட்டச்சுக்காரர். வக்கீலம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இந்த மனுவை நீங்களாத்தான் போட்டீங்களா?" என்றார் நீதிபதி.

"சரிங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். வலப்பக்கம் பார்த்தார். மச்சான் இல்லை. இடப்பக்கம் பார்த்தார். மனைவி இல்லை. சரி என்று சொல்லிச் சந்தோஷப்படுத்த அந்த அறையில் ஒருவரும் இல்லை.

"யாராவது வற்புறுத்தினாங்களா? பயப்படாதீங்க. இங்க சொல்றத வேற எதுக்கும் உங்களுக்கு எதிரா எடுத்துக்க மாட்டாங்க. பேரத்துல முடிஞ்சா திருட்டுக் குற்றவாளின்னுதான் பதிவாகும். அது தெரியுமா?"

துடிக்கிற டியூப் லைட்டைச் சரிங்கண்ணன் அண்ணாந்து பார்த்தார். கை பரபரத்தது. ஆனால் யார் இனி இவரை நம்பி விளக்கு மாட்டச் சொல்லப் போகிறார்கள்?

"இல்லைங்க."

"எது இல்லை?"

"நான் எடுக்கலைங்க. நானா போடலைங்க. வீட்ல முடிச்சுக்கச் சொன்னாங்க, சரின்னுட்டேன். எனக்கு வேண்டாங்க ஐயா." சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் முட்டிவிட்டது, கூடவே சிரிப்பும் வந்தது.

நீதிபதி தலையசைத்தார். மனு மனமுவந்து போட்டதல்ல என்று எழுதி, எந்தக் கட்டத்தில் மனு வந்ததோ அங்கிருந்தே வழக்கு நடக்கட்டும் என்று உத்தரவு போட்டார். ஜன்னல் பக்கம் வக்கீலம்மா மூக்கை உறிஞ்சினார்.

வராந்தாவில் மச்சான் தாண்டவம் ஆடினார். "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி நல்ல வழி வந்துச்சு, எட்டி உதைச்சுட்டு வந்திருக்காரே!" மனைவி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா சரிங்கண்ணனை மரப்பெஞ்சில் உட்கார வைத்துக் கடலையை நீட்டினார்.

"இப்ப சொல்லுங்க. ஏணி எப்படி அங்க போச்சு?"

"வாட்ச்மேன்தான் சாயந்திரம் வந்து வாங்கிட்டுப் போனான், மேடம்."

வக்கீலம்மாவுக்குக் கடலை புரையேறியது. "அட கடவுளே! இத ஏன்யா இத்தனை நாள் சொல்லல?"

"குடோன் பொருளுக்கு அவன்தான் காவல். ஏணியக் கொண்டாந்து வச்சதும் அவனேன்னு தெரிஞ்சா வேலை போயிடும். பாவம், பிள்ளைகுட்டிக்காரன்."

"நல்லா இருக்கு போங்க. அவன் பிள்ளைகுட்டிக்காரன், நீங்க சாமியாரோ?" என்றார் மனைவி. அத்தனை மாதத்தில் அவர் குரலில் அன்றைக்குத்தான் பழைய காரம் திரும்பியிருந்தது.

விசாரணை தொடங்கியது. அரசு தரப்பில் முதலில் கடைக்காரர், அடுத்து வாட்ச்மேன். அரசு வக்கீலின் முதல் விசாரணையில் வாட்ச்மேன் மடமடவென்று ஒப்பித்தான். பிறகு குறுக்கு விசாரணைக்கு வக்கீலம்மா எழுந்தார்.

"அன்னைக்குச் சாயந்திரம் இவர்கிட்ட ஏணி கேட்டு வாங்கினது யாரு?"

வாட்ச்மேன் முதலாளியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் சரிங்கண்ணனைப் பார்த்தான். சரிங்கண்ணன், சொல்லு பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"நான்தாங்க."

"எதுக்கு?"

"பின்பக்கச் சுவத்து விளக்கு பியூஸ் போயிருந்தது. பல்பு மாத்த."

"மாத்தினீங்களா?"

"பல்பு கிடைக்கலைங்க. ஏணிய அங்கியே சாச்சுட்டு வந்துட்டேன்."

"அங்க வேற விளக்கு உண்டா?"

"கிடையாதுங்க."

"அப்ப அந்த இருட்டுல யார் முகத்தைப் பாத்தீங்க?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "ஆள் உருவம்தாங்க தெரிஞ்சுது. காலையில முதலாளி சத்தம் போட்டார். ஏணியில பேர் இருந்துச்சு. அவராத்தான் இருக்கும்னு..." என்று இழுத்தான். அரசு வக்கீல் மறுவிசாரணை கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரும் சாட்சி சொன்ன பிறகு, நீதிபதி ஒவ்வொரு சாட்சியத்தையும் சரிங்கண்ணனிடம் நேராகச் சொல்லி விளக்கம் கேட்டார். இதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. அந்த நாளுக்காக வீட்டில் மனைவி வைத்த பயிற்சி இருக்கிறதே! "டீ வேணுமா?" "இல்ல." "சோறு?" "இல்ல." அப்படியே ஒரு வேளை பட்டினி போட்டுவிட்டார். அதன் பலன் கோர்ட்டில் தெரிந்தது. ஒயர் எடுத்தீர்களா என்றால் இல்லைங்க, ஏணி உங்களுடையதா என்றால் ஆமாங்க, நீங்கள் அங்கே வைத்தீர்களா என்றால் இல்லைங்க. எங்கள் தரப்பில் சாட்சி இல்லை என்றார் வக்கீலம்மா. இரண்டு பக்கமும் வாதம் முடிந்தது. தீர்ப்பு நாளில், குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, விடுதலை என்று நீதிபதி வாசித்தார். மச்சான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டி, டவாலியிடம் திட்டு வாங்கினார்.

ஏணி மட்டும் சான்றுப் பொருளாகக் கோர்ட்டிலேயே கிடந்தது. அப்பீல் காலம் முடிந்ததும் அதை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த நாள் மூவரும் போனார்கள். படிக்கட்டில் ஏணியின் முன்பக்கம் சரிங்கண்ணன், பின்பக்கம் மனைவி, நடுவில் எதையும் தூக்காமல் மச்சான். சரிங்கண்ணனின் சட்டைப்பையில் ஒரு சாவி குலுங்கியது. பழைய வீட்டுக்காரர் ஒருவர் அன்று காலையில்தான் கூப்பிட்டுக் கொடுத்திருந்தார்.

"மாப்ளே, அப்படியே நம்ம வீட்டுப் பக்கம் விட்டுட்டுப் போங்களேன். ரெண்டு நாளைக்கு ஏணி வேணும், பெயிண்ட் அடிக்கணும்."

சரிங்கண்ணன் நின்றார். ஏணியும் நின்றது. பின்னால் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மச்சான்."

சரிங்கண்ணன் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"ஏணி மட்டும் வராது. கூட நானும் வருவேன். நீங்க ஏறுங்க, கீழ நான் பிடிச்சுக்கறேன். அடிச்சு முடிச்சதும் ஏணியும் நானும் ஒண்ணா வீட்டுக்கு வந்துடுவோம்."

யாரும் கேட்காமலே, மச்சான் ஏணியின் நடுப்பகுதிக்குத் தோளைக் கொடுத்தார்.

"சரிங்க மாப்ளே" என்றார்.

பின்னாலிருந்து மனைவி சிரித்த சிரிப்பில் ஏணியே குலுங்கியது.