வாங்கியவர் தீனதயாளன்

சௌந்திரம் டிடியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி வங்கி மேசையில் வைத்தபோது மணி ஒன்றே கால். மகள் கனிஷ்கா பக்கத்தில் நின்று போனில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி கலந்தாய்வில் அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் வந்துவிட்டது. அறுபத்திரண்டாயிரம் கட்டணம். இன்று மூன்றரைக்குள் இதே வங்கியில் கட்டி, சலானைக் கலந்தாய்வு இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. கையில் வேறு காசு கிடையாது. இருந்த எண்பத்தைந்தாயிரமும் போன வாரம் திருச்செங்கோட்டுத் தனியார் கல்லூரி பெயரில் டிடியாகிவிட்டது. நல்லவேளை, அதை இன்னும் கல்லூரியில் கொடுக்கவில்லை.

கவுன்டரில் இருந்த கயல்விழி டிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதைய ரத்து பண்ணலாமுங்க. ஆனா வாங்குனவரு பேரு தீனதயாளன்னு அச்சாயிருக்குது. அவருதான் பின்னால கையெழுத்துப் போட்டு, லெட்டரும் தரோணும். பணமும் அவரு கணக்குக்குத்தானுங்க திரும்பும்.”

“காசு என்ரதுங்க மேடம். பத்து ஆடு வித்த காசு.”

“இருக்கலாமுங்க. எங்களுக்கு எந்தக் கணக்குல இருந்து போச்சோ, அங்கதான் திருப்பிப் போட முடியும்.”

 சௌந்திரத்தின் கணக்கு ஊர்க் கூட்டுறவுச் சொசைட்டியில்தான் இருந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொடுத்து டிடி வாங்க முடியாது, கணக்கு வேண்டும் என்றார்கள். சரி, அண்ணன்தானே என்று ஆட்டுக் காசை அப்படியே தீனதயாளன் கையில் கொடுத்தாள். அவன் மறுநாளே டிடியைக் கொண்டுவந்து தந்தான். யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று அவள் பார்த்தாளா? கல்லூரி பெயரையும் தொகையையும் பார்த்தாள், பீரோவில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான்.

அந்த அண்ணனுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று. அதற்குக் கடன். அவள் புருஷன் மணியன் செத்த வருஷம் அவன் வாங்கிப்போன நாற்பதாயிரம் திரும்பி வர இரண்டு வருஷமாயிற்று. போன மாதம்கூடத் தவணை கட்டாவிட்டால் ரிக்கைத் தூக்கிப்போவோம் என்று அவன் வாசலில் ஆள் வந்து நின்றதாகப் பக்கத்து வீட்டுப் பாப்பாயி சொல்லியிருந்தாள். இப்போது எண்பத்தைந்தாயிரம் அவன் கணக்கில் விழப்போகிறது. விழுந்த பணம் எழுந்து வருமா? அவள் அண்ணனை நம்பவில்லை. அதுதான் நிஜம்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஏழாவது தடவை, பின்னால் இன்ஜின் சத்தத்தோடு எடுத்தான்.

“நாமகிரிப்பேட்டைல போர் ஓட்டிட்டு இருக்கறன் அம்மிணி. என்ன?”

சொன்னாள். அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் நின்றது. 

“வாரேன்,” என்று வைத்துவிட்டான்.

அவன் வந்து சேர்ந்தபோது மணி மூன்றாக எட்டு நிமிஷம். முழங்கால் வரை பாறை துளைத்த கல்மாவு அப்பியிருந்தது.  நேரே கவுன்டருக்குப் போய், டிடியின் பின்புறம் கையெழுத்துப் போட்டான். லெட்டர் எழுதிக் கொடுத்தான். கயல்விழி டிடி இன்னும் காசாகவில்லை என்பதைத் திரையில் பார்த்து உறுதி செய்துகொண்டு, குறுக்கே ரத்து முத்திரை குத்தினாள். எழுந்து போய் மேலதிகாரியின் ஒப்புதலும் வாங்கி வந்தாள்.

“வரவு வெச்சாச்சுங்க. ரத்துக் கட்டணம் தனியா நூத்திப் பதினெட்டு பிடிச்சிருக்குது. வாங்கறப்ப பிடிச்ச கமிஷன் திரும்பாதுங்க.”

தீனதயாளன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னான்.

“மேடம், மொத்தத்தையும் இப்பவே எடுத்துருங்க. ஒத்த ரூவா இருக்கப்படாது.”

சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது.

“மொத்தத்தையும் எடுத்து எங்க கொண்டு போற? கட்ட வேண்டியது அறுவத்திரண்டுதான்.”

 அவள் கையை நீட்டினாள்.

“உன்ர பாஸ்புக்கைக் குடு. பணம் வந்துருக்குதான்னு நானே பாக்கறேன்.”

வங்கி என்றும் பாராமல் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கனிஷ்கா ஓடிப்போய் மூலையிலிருந்த இயந்திரத்தில் வைத்து வரிகளை அச்சிட்டு வந்தாள். மாதக்கணக்காக அச்சிடாத புத்தகம். சௌந்திரம் கடைசி வரியிலிருந்து மேலே போனாள். ஆட்டுச் சந்தையில் வருஷக்கணக்காகக் காசு எண்ணுகிறவளுக்கு எண்கள் புதிதில்லை.

இன்றைய தேதி. டிடி ரத்து வரவு 85,000. ரத்துக் கட்டணம் 118. இருப்பு 84,882.

அதற்கு மேலே பன்னிரண்டாம் தேதி. ரொக்க வரவு 86,000. டிடி பற்று 85,000. கமிஷன் ஜிஎஸ்டியோடு 354. அதே தேதியில் கடைசியாக இன்னொரு பற்று, 646. இருப்பு சுழி.

“எம்பத்தாறாயிரம் யாரு போட்டா? நான் குடுத்தது எம்பத்தஞ்சுதானே?” என்றாள்.

“கமிஷனுக்கு ஆகுமில்ல. ஆயிரத்தை நான் சேத்துப் போட்டேன்.”

“இந்த அறுநூத்திச் சில்லறை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கயல்விழிதான் தயங்கிச் சொன்னாள்.

“இதே பேங்க்ல வாங்குன ரிக் லோன்ல ரெண்டு தவணை பாக்கிங்க. எம்பதாயிரம் சொச்சம். கணக்குல என்ன மிஞ்சுனாலும் அன்னைக்கு ராத்திரி கம்ப்யூட்டரே இழுத்துக்கும். அன்னைக்கு அண்ணன் ரொக்கத்தைக் கட்டிப்போட்டு, டிடி கையில வர்ற வரைக்கும் இந்த இடத்த உட்டு நகரலைங்க. சாப்பாட்டு நேரங்கூட நின்னுட்டே இருந்தாரு.”

சௌந்திரம் அந்த வரிகளை இன்னொரு தடவை பார்த்தாள். வந்தது, டிடியாகப் போனது, மிஞ்சிய தூள் மட்டும் ராத்திரி கடனுக்கு. ஒரு ராத்திரி அவன் சும்மா இருந்திருந்தால் போதும். பணம் அவன் கடனில் கழிந்திருக்கும், ரிக்கும் தப்பியிருக்கும். வங்கி எடுத்துக்கொண்டது, நான் என்ன செய்வேன் என்று கையை விரித்திருக்கலாம். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அம்மா, மூணு இருவது,” என்றாள் கனிஷ்கா. 

தீனதயாளன் கல்லூரிச் சலானோடு பணம் மாற்றும் சீட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அறுபத்திரண்டாயிரம் அவன் கணக்கிலிருந்து கல்லூரிக் கணக்குக்குப் போனது. கயல்விழி சலானில் முத்திரையிட்டு நீட்ட, கனிஷ்கா அதை அங்கேயே படமெடுத்து ஏற்றினாள். திரையில் பச்சையாக ஒரு டிக் வந்தது. மணி மூன்று இருபத்தாறு. பிள்ளை சுவரில் சாய்ந்து நின்று அழுதது.

“மிச்சம் இருவத்தி ரெண்டாயிரத்தி எண்ணூத்தி எம்பத்தி ரெண்டு இருக்குதுங்க,” என்றாள் கயல்விழி.

தீனதயாளன் பணம் எடுக்கும் சீட்டை இழுத்துப் பேனாவை வைத்தான். “இதைய அம்மிணி கையில குடுத்துருங்க.”

சௌந்திரம் அவன் கைமேல் கையை வைத்தாள். கல்மாவு அவள் விரலிலும் ஒட்டியது.

“ரிக்கை எப்ப எடுத்துட்டுப் போறாங்களாமா?”

“ஒரு தவணையாச்சும் திங்கக்கிழமைக்குள்ள கட்டுன்னு சொல்லியிருக்காங்க. நாமகிரிப்பேட்டைக் கூலி நாளைக்கு வரும். பாதி தேறும். உடு, பாத்துக்கலாம்.”

அவள் சீட்டை அவன் கையிலிருந்து உருவி, நான்காகக் கிழித்தாள்.

“அண்ணா, அது அங்கயே கெடக்கட்டும். ராத்திரி இழுத்துக்கட்டும்.”

தீனதயாளன் கண்ணாடிக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சௌந்திரம் பாஸ்புக்கை மூடி அவன் சட்டைப் பையில் தானே வைத்தாள்.

“மத்தியானம் சோறு தின்னியா?” என்று கேட்டாள்.